எரிந்த சரக்கின் மதிப்பும் சராசரி விதியும்

குடோனில் 40 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. பாலிசி 30 லட்சத்துக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. தீ விபத்தில் 30 லட்சம் மதிப்புள்ள சரக்கு எரிந்துபோகிறது. காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தர வேண்டும்? இழந்ததும் 30 லட்சம், பாலிசியும் 30 லட்சம், ஆகவே முழுத்தொகையும் வர வேண்டும் என்று வியாபாரி நினைக்கிறார். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் 22.5 லட்சம் என்று எழுதுகிறார். இருவருக்கும் நடுவே நிற்பதுதான் பாலிசிகளில் ‘ஆவரேஜ் கிளாஸ்’ என்று அச்சாகும் சராசரி விதி.

வணிகவியல் மாணவர்கள் இதை ஒரு வாய்பாடாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். இழப்பைப் பாலிசித் தொகையால் பெருக்கி, தீ விபத்து நாளில் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பால் வகுத்தால் விடை வந்துவிடும். பாடநூலில் அந்த மொத்த மதிப்பு கேள்வியிலேயே கிடைக்கும், அல்லது பிழையற்ற கணக்குகளிலிருந்து வந்துவிடும். நிஜத்தில் அந்த நாளில் சரக்கை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணியிருக்க வேண்டிய பொருளே எரிந்துவிட்டது. ஆகவே விதி நியாயமானதா என்ற பழைய கேள்வியோடு, விதி கேட்கும் எண்ணை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. முதல் கேள்வியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் பணத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்று விடைகள்

மிகப் பழைய விடை எளிமையானது. பாலிசித் தொகை என்பது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் வரும் இழப்பை முழுதாகத் தர வேண்டும். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் தீக் காப்பீடு இந்த நிலையிலேயே இருந்தது. பாலிசியில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, குறைத்துக் காப்பீடு செய்தவருக்கும் வரம்புக்குள் முழு இழப்பும் உண்டு. இழந்ததை ஈடுசெய்வதே தீக் காப்பீடு, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்று 1883இல் காஸ்டெலைன் எதிர் பிரஸ்டன் வழக்கில் நீதிபதி பிரெட் விளக்கிய கொள்கையோடும் இது ஒத்துப்போகிறது.

இதன் பலவீனம் பிரீமியத்தில் தெரியும். பெரும்பாலான தீ விபத்துகள் முழுச் சரக்கையும் அழிப்பதில்லை. 40 லட்சம் சரக்கை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், ஒரு மூலையில் பிடித்த தீயில் 8 லட்சம் போனால் முழுதும் பெறுவார். அதே அளவு சரக்கை முழுமதிப்புக்குக் காப்பீடு செய்து நான்கு மடங்கு பிரீமியம் கட்டிய பக்கத்துக் கடைக்காரருக்கும் அந்த 8 லட்சம்தான். குறைத்துக் காப்பீடு செய்தவரின் இழப்பில் ஒரு பங்கை மற்றவர்கள் சுமக்கிறார்கள்.

இரண்டாவது விடை கடலிலிருந்து வந்தது. கடல் காப்பீட்டில், முழுமதிப்புக்குக் காப்பீடு செய்யாதவர் மிச்சத்துக்குத் தானே தனக்குக் காப்பீட்டாளர் என்று கருதப்பட்டார். பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்தின் 81ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. நிலத்தில் இந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தவை துறைமுகக் கிடங்குகள். சரக்கு ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒரே தொகையில் எல்லாக் கிடங்குகளையும் காக்கும் மிதவைப் பாலிசி வியாபாரிகளுக்கு வசதியாக இருந்தது. ஆனால் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத நிலையில், சராசரி விதி இல்லாமல் அத்தகைய பாலிசியை விற்பது காப்பீட்டாளருக்கு ஆபத்து. 1861 ஜூனில் லண்டனின் டூலி தெருக் கிடங்குகளில் பிடித்த தீ, ஒரே இடத்தில் எவ்வளவு மதிப்பு குவிந்திருக்க முடியும் என்பதைக் காட்டியது. தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் உயிரிழந்த அந்த விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனங்கள் கிடங்குகளுக்கான கட்டணத்தை உயர்த்தின.

இந்தியாவில் இந்த விடையே வேரூன்றியது. பல்லாண்டுகளாகக் கட்டணக் குழு வகுத்த பொதுத் தீப் பாலிசியில் சராசரி ஒரு நிபந்தனையாக இடம்பெற்றது. 2007 ஜனவரியில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் அந்த நிபந்தனை நிலைத்தது. பாலிசியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் விதி தனித்தனியே பொருந்தும் என்ற வரியும் அதில் உண்டு. அது சிறிய வரி. பலரை வீழ்த்துகிற வரியும் அதுதான். இரண்டு குடோன்களுக்குத் தலா 20 லட்சம் என்று காப்பீடு செய்தவர், தீபாவளிக்கு முன் ஒன்றில் 30 லட்சமும் மற்றதில் 10 லட்சமும் வைத்திருந்தால், மொத்தக் காப்பீடு போதுமானதுதான். ஆனால் நிரம்பிய குடோனில் தீப்பிடித்தால் அவருக்கு இழப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

மூன்றாவது விடை சமரசம்: ஓரளவு குறைவைப் பொறுத்துக்கொள்வது. அமெரிக்காவில் வழங்கும் கூட்டுக்காப்பு விதியில் பெரும்பாலும் மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் காப்பீடு இருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் அந்த 80 விழுக்காட்டை அடிப்படையாக வைத்தே விகிதம் கணக்கிடப்படும். நம் எடுத்துக்காட்டில் 40 லட்சத்தின் 80 விழுக்காடு 32 லட்சம். 30 லட்சம் பாலிசிக்கு இழப்பீடு 28,12,500 ரூபாய். இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் சிறு, குறு தொழில்களுக்கென வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, பாரத் லகு உத்யம் சுரக்ஷா ஆகிய பாலிசிகளில் 15 விழுக்காடு வரையிலான குறைவு பொருட்படுத்தப்படுவதில்லை. இது பெரிய முன்னேற்றம் என்றே தோன்றுகிறது. ஆனால் இது வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

எண்ண முடியாத சரக்கைக் கணக்கிடுவது

தீ விபத்து நாளின் சரக்கிருப்பைக் கண்டறிய வழக்கமான கருவி நினைவு வியாபாரக் கணக்கு. கடைசியாக ஐந்தொகை முடித்த நாள் முதல் தீப்பிடித்த நாள் வரை இதைத் தயாரிப்பார்கள். தொடக்கச் சரக்கு, கொள்முதல், நேரடிச் செலவுகள் ஆகியவற்றோடு மதிப்பிடப்பட்ட மொத்த லாபத்தைக் கூட்டி, விற்பனையைக் கழித்தால் மிஞ்சுவது இறுதிச் சரக்கு.

ஈரோட்டில் மொத்தத் துணி வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. நவம்பர் 18 இரவு குடோனில் தீ. அலுவலகம் வேறு கட்டடத்தில் இருந்ததால் கணக்கேடுகள் தப்பின. மார்ச் 31 ஐந்தொகையில் சரக்கிருப்பு 33,80,000 ரூபாய். அதில் விற்காமல் தேங்கிய பழைய டிசைன் துணிகளும் அடக்கம். அவற்றின் அடக்கவிலை 4,00,000, மதிப்பைக் குறைத்து 2,80,000 என்று காட்டியிருந்தார். அவற்றைத் தீபாவளிக்கு முன் 3,00,000 ரூபாய்க்கு முழுதும் விற்றுத் தீர்த்துவிட்டார். ஏப்ரல் முதல் வந்த கொள்முதல் பில்கள் 1,30,00,000. இதில் சூரத்திலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்த, குடோனுக்குள் இறங்காத 2,00,000 ரூபாய்ச் சரக்கும் சேர்ந்திருக்கிறது. ஏற்றுக்கூலியும் லாரி வாடகையும் 1,00,000. விற்பனை 1,53,00,000. எல்லாம் ஜிஎஸ்டி நீங்கிய தொகைகள்.

முதல் வேலை, வழக்கமான வியாபாரத்தையும் பழைய டிசைன் சரக்கையும் பிரிப்பது. தேங்கிய சரக்கு வழக்கமான லாப விகிதத்தில் விற்பதில்லை; அதைக் கலந்தால் விகிதம் பொய்யாகும். ஆகவே வழக்கமான தொடக்கச் சரக்கு 31,00,000, வழக்கமான விற்பனை 1,50,00,000. இரண்டாவது, குடோனை அடையாத சரக்கைக் கொள்முதலிலிருந்து கழிப்பது. அது வியாபாரியின் சொத்துதான். ஆனால் இந்தப் பாலிசி காக்கும் இடத்தில் தீ விபத்து நாளில் இல்லை. கொள்முதல் 1,28,00,000 ஆகிறது. கூலி, வாடகையையும் சேர்த்தால் விற்பனைக்குக் கிடைத்த சரக்கு மொத்தம் 1,60,00,000.

மூன்றாவது, லாப விகிதம். சென்ற ஆண்டு விற்பனை 2 கோடி. கணக்கில் காட்டிய மொத்த லாபம் 38,80,000, அதாவது 19.4 விழுக்காடு. ஆனால் தேங்கிய சரக்கின் மதிப்பைக் குறைத்ததால் ஏற்பட்ட 1,20,000 இந்த லாபத்தைச் சாப்பிட்டிருக்கிறது. அதைத் திரும்பக் கூட்டினால் 40,00,000, சரியாக 20 விழுக்காடு. இவ்வாண்டு விற்பனையான 1.5 கோடியில் மொத்த லாபம் 30 லட்சம், விற்ற சரக்கின் அடக்கம் 1.2 கோடி. 1.6 கோடியில் அதைக் கழித்தால் தீ விபத்து நாளின் சரக்கிருப்பு 40 லட்சம். தப்பிய சரக்கின் மதிப்பு 10 லட்சம். எரிந்தது 30 லட்சம். பாலிசி 30 லட்சமாக இருந்தால் விதிப்படி இழப்பீடு 22,50,000. தொடக்கத்தில் கேட்ட கேள்வியின் எண்கள் இவைதான்.

லாப விகிதத்தை எவ்வளவு நம்பலாம்?

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே எண்ணில் இருக்கின்றன. பில்கள், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி படிவங்கள், இ-வே பில் ஆகியவற்றால் கொள்முதலையும் விற்பனையையும் சரிபார்க்கலாம். லாப விகிதத்தை அப்படிச் சரிபார்க்க முடியாது; சென்ற ஆண்டிலிருந்து கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். விற்பனை சரக்கிருப்பைப் போல் பல மடங்கு என்பதால், விகிதத்தில் ஏற்படும் சிறு பிழை சரக்கிருப்பில் பெரிதாகத் தெரிகிறது. நம் கணக்கில் சரக்கிருப்பு 40 லட்சம், விற்பனை 150 லட்சம். விகிதத்தில் ஒரு புள்ளி மாறினாலே சரக்கிருப்பு 1.5 லட்சம் மாறும். இரண்டரைப் புள்ளி மாறினால் 3,75,000, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. மதிப்புக் குறைப்பைச் சரிசெய்யாமல் 19.4 விழுக்காட்டையே எடுத்திருந்தால் சரக்கிருப்பு 90,000 ரூபாய் குறைந்திருக்கும்.

இதற்கு மாற்றாக மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. பல ஆண்டுகளின் சராசரி விகிதத்தை எடுக்கலாம். அது தற்செயல் ஏற்றத்தாழ்வுகளை அடக்கும், ஆனால் லாபம் ஒரே திசையில் குறைந்துகொண்டு வரும் வியாபாரத்தில் தவறான விடை தரும். பருவத்தைப் பிரிக்கலாம். ஜவுளியில் தீபாவளி விற்பனையின் லாபமும் ஆனி, ஆடி மாத விற்பனையின் லாபமும் ஒன்றல்ல, ஆகவே சென்ற ஆண்டின் அதே மாதங்களை மட்டும் ஒப்பிடுவது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் மாதந்தோறும் சரக்கெடுத்து எழுதாத கடையில் மாத லாபம் யாருக்கும் தெரியாது. மூன்றாவது, ரகவாரியாக அளவை எண்ணுவது: சேலை எத்தனை, வேட்டி எத்தனை உள்ளே வந்தன, வெளியே போயின. பில்லிங் மென்பொருளில் ரகவாரி இருப்பு ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் இதைவிட நல்ல சான்று இல்லை. சர்வேயர்களும் இதையே விரும்புவார்கள். இருந்தும் எல்லாச் சரக்கையும் ‘துணி’ என்ற ஒரே தலைப்பில் பில் போட்ட கடைக்கு இது உதவாது.

ஒரே பிழை, இரண்டு திசை

கணக்கில் சரக்கிருப்பை உயர்த்திக் காட்டினால் வியாபாரிக்கு லாபமா நட்டமா? சராசரி விதி உள்ள பாலிசியில் உயர்ந்த சரக்கிருப்பு எப்போதும் வியாபாரிக்கு எதிரி என்று பலர் கருதுகிறார்கள். வகுக்கும் எண் பெரிதாவதால் இழப்பீடு குறையும் என்பது அவர்கள் தர்க்கம். அது பாதி உண்மை. இழப்பு எந்த வழியில் அளக்கப்படுகிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

எரிந்தது சாம்பலாகி, தப்பியதை மட்டும் எண்ண முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இழப்பு என்பது கணக்கிலிருந்து வரும் சரக்கிருப்பில் தப்பியதைக் கழித்த மிச்சம். சரக்கிருப்பை 44 லட்சம் என்று மதிப்பிட்டால் இழப்பும் 34 லட்சமாக உயர்கிறது. இழப்பீடு சுமார் 23,18,000. 36 லட்சம் என்று மதிப்பிட்டால் இழப்பு 26 லட்சம், இழப்பீடு சுமார் 21,67,000. உயர்ந்த மதிப்பீடு வியாபாரிக்குச் சற்று சாதகம்.

இனி எரிந்ததையும் எண்ண முடியும் என்று கொள்வோம். பேல்கள் கருகியிருந்தாலும் கட்டும் லேபிளும் அடையாளம் தருகின்றன. எண்ணிப் பார்த்து 30 லட்சம் என்று முடிவாகிறது. இழப்பு நிலையாக நிற்க, வகுக்கும் எண் மட்டும் கணக்கேட்டிலிருந்து வந்தால், 44 லட்சம் என்ற மதிப்பீட்டில் இழப்பீடு சுமார் 20,45,000 ஆகவும், 36 லட்சத்தில் 25 லட்சமாகவும் மாறுகிறது. திசை திரும்பிவிட்டது, பிழையின் விலையும் பல மடங்காகிவிட்டது.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. இழப்பீட்டுப் பேச்சுகளில் அதைக் கவனிப்பது அவசியம். எரிந்தது 30, தப்பியது 10 என்று எண்ணிய பிறகு, கணக்கேடு 44 லட்சம் காட்டுகிறது என்று அதை வகுக்கும் எண்ணாக எடுத்தால், நடுவிலுள்ள 4 லட்சம் சரக்கு எங்கே போனது? அது உண்மையில் குடோனில் இருந்தது என்றால், தப்பிய குவியலில் இல்லாதபோது எரிந்திருக்க வேண்டும். இழப்பிலும் அது சேர வேண்டும். குடோனில் இல்லவே இல்லை என்றால் வகுக்கும் எண்ணில் அதற்கு இடமில்லை. ஒரே சரக்கு வகுக்க மட்டும் இருந்து, இழக்க இல்லாமல் போக முடியாது. இதற்கு ஒரே விதிவிலக்கு, தீயின் போதோ அதன் பின்னரோ நடந்த திருட்டு. பொதுத் தீப் பாலிசி திருட்டை விலக்குவதால், சரக்கு இருந்தது, எரியவில்லை, காணாமல் போனது என்று காட்ட முடிந்தால் வகுக்கும் எண் பெரிதாகவே நிற்கும். அதைக் காட்டும் பொறுப்பு அப்படி வாதிடுபவருடையது என்பதே என் கருத்து.

வங்கிக்குத் தரும் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இங்கேதான் வியாபாரியைத் திருப்பித் தாக்குகிறது. ஓவர்டிராப்ட் வரம்பை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்று சிலர் அதில் இருப்பைக் கூட்டி எழுதுவது உண்டு. அக்டோபர் ஸ்டேட்மென்டில் 48 லட்சம் என்று இருந்தால் சர்வேயர் அதையும் கேட்டு வாங்குவார். எண்ணிய இழப்பு 30 லட்சத்தை 30ஆல் பெருக்கி 48ஆல் வகுத்தால் இழப்பீடு 18,75,000. அந்த 48 பொய் என்று சொல்ல வியாபாரி வங்கியிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மை என்று சொன்னால் குறைக்காப்பீடு இன்னும் பெரிதாகிறது. சரக்கு அடமானத்தில் இருந்தால் பாலிசியில் வங்கிக்கான உடன்பாட்டு விதி இருக்கும். இழப்பீட்டுப் பணமும் முதலில் வங்கிக்கே போகும்.

சர்வேயரின் மதிப்பீடு இறுதித் தீர்ப்பு அல்ல. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், சர்வேயர் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் விலகிச் செல்லவே முடியாத அளவுக்குப் புனிதமானது அல்ல என்ற கருத்தைத் தெரிவித்தது. அது வாகனச் சேதம் பற்றிய வழக்கு என்றாலும் கொள்கை பரந்தது. அறிக்கையின் இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் பிறந்தவையா என்று காட்டுவது, நியாயம் வேண்டும் என்று முறையிடுவதைவிட வலுவான எதிர்வாதமாகத் தோன்றுகிறது.

15 விழுக்காட்டு எல்லையில்

எல்லைக்குள் வரும் குறைவை மன்னிக்கும் பாலிசிகளில் மதிப்பீட்டின் பங்கு இன்னும் கூர்மையாகிறது. 30 லட்சம் பாலிசி எந்தச் சரக்கிருப்புக்கு 85 விழுக்காடு? ஏறத்தாழ 35,29,000க்கு. அதற்குக் கீழே விதி செயல்படாது. தப்பியது 10 லட்சம் என்றே வைத்துக்கொண்டு, சரக்கிருப்பு 35 லட்சம் என்றால் இழப்பு 25 லட்சமும் முழுதாக வரும். 36 லட்சம் என்றால், எல்லை தாண்டியதும் முழு விகிதமும் பொருந்தும் அமைப்பில், இழப்பு 26 லட்சத்துக்கு 21,67,000தான் வரும். சரக்கிருப்பு ஒரு லட்சம் ஏறியதற்கு இழப்பீடு மூன்றே கால் லட்சத்துக்கு மேல் இறங்குகிறது. நம் வியாபாரியின் விற்பனையில் அந்த ஒரு லட்சம் என்பது லாப விகிதத்தில் முக்கால் புள்ளிகூட இல்லை. யாராலும் அத்தனை துல்லியமாகச் சொல்ல முடியாத எண் அது.

எல்லையைத் தாண்டும்போது முழுக் குறைவும் கணக்கில் வருமா, மிகுதி மட்டும் வருமா என்பது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. கையெழுத்திடும் முன் படிக்க வேண்டிய வரி அதுவே. அமெரிக்க முறையில் இப்படிச் செங்குத்தான சரிவு இல்லை. தேவைப்படும் அளவையே 80 விழுக்காடாகக் குறைத்து, அதற்கு விகிதம் பார்ப்பதால், எல்லையில் இழப்பீடு திடீரென்று விழுவதில்லை. மதிப்பீடே நிச்சயமற்ற சரக்கிருப்பு போன்ற இனத்துக்கு இந்த அமைப்பு பொருத்தமானது என்று வாதிட இடமிருக்கிறது.

ஏறி இறங்கும் சரக்குக்கு வேறு பாலிசிகளும் உண்டு. பல குடோன்களுக்கு ஒரே தொகையில் எடுக்கும் மிதவைப் பாலிசி, மேலே சொன்ன இரண்டு குடோன் சிக்கலைத் தீர்க்கும். அறிவிப்புப் பாலிசியில் உச்சபட்ச இருப்புக்குக் காப்பீடு எடுத்து, மாதந்தோறும் உண்மையான இருப்பை அறிவித்து, ஆண்டு முடிவில் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அறிவிப்பைத் தவறாமல், உண்மையாகச் செய்யும் கடைக்கே அது பயன்படும்.

எந்த விலை, எந்த வரி

சரக்கை அடக்கவிலைக்கு மதிப்பிடுவதா, தீ விபத்து நாளின் சந்தை விலைக்கா? கணக்கியல் தரநிலை 2, அடக்கவிலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் குறைந்ததை எடுக்கச் சொல்கிறது. ஆனால் காப்பீட்டின் நோக்கம் வேறு. அதே சரக்கை அன்றைய விலைக்கு மீண்டும் வாங்க ஆகும் செலவே உண்மையான இழப்பு என்பது காப்பீட்டுத் தரப்பின் பழைய நிலை. விற்றிருந்தால் வந்திருக்கும் லாபத்தைச் சாதாரணத் தீப் பாலிசி காப்பதில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த வாதத்தில் ஒரு விஷயம் அடிக்கடி தவறவிடப்படுகிறது. ஏற்கெனவே குறைக்காப்பீடு உள்ள நிலையில், இழப்பையும் மொத்தச் சரக்கையும் ஒரே அளவுகோலில் உயர்த்தினால் இழப்பீடு அசையாது. நூல் விலை ஏறி எல்லாத் துணியும் 10 விழுக்காடு உயர்ந்திருந்தால் இழப்பு 33 லட்சம், சரக்கிருப்பு 44 லட்சம். இழப்பீடு மீண்டும் 22.5 லட்சம்தான். விலையேற்றம் கடிப்பது சரியான அளவில் காப்பீடு எடுத்தவரை. 30 லட்சம் அடக்கத்துக்கு 30 லட்சம் பாலிசி எடுத்தவர், விலை ஏறியதும் தெரியாமலேயே குறைக்காப்பீட்டுக்குள் விழுந்துவிடுகிறார்.

ஜிஎஸ்டி விஷயத்திலும் இதுவே நடக்கிறது. அழிந்த சரக்குக்கு எடுத்திருந்த உள்ளீட்டு வரி வரவை மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு அனுமதிப்பதில்லை. திருப்பிக் கட்ட வேண்டும். 5 விழுக்காடு வரியுள்ள துணியில் 30 லட்சத்துக்கு அது 1,50,000. இதுவும் தீயால் வந்த இழப்புதான் என்று வியாபாரி கோருவது நியாயமே. ஆனால் இழப்பில் வரியைச் சேர்த்தால் மொத்தச் சரக்கிலும் சேர்க்க வேண்டும் என்று சர்வேயர் சொன்னால், 31.5 லட்சத்தை 30ஆல் பெருக்கி 42ஆல் வகுக்கும்போது மறுபடியும் 22.5 லட்சமே வருகிறது. இழப்பில் மட்டும் சேர்த்தால் 23,62,500. வரி வரவு இழப்பாக மாறுவது சரக்கு எரிந்த பிறகே. எரியாத சரக்கின் வரி வரவு வியாபாரியிடமே இருக்கிறது. ஆகவே வகுக்கும் எண்ணில் அதைச் சேர்க்கக் கூடாது என்ற வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. மறுபக்கம், அந்த 1.5 லட்சம் ஆபத்துக்குப் பிரீமியம் கட்டப்படவில்லை என்ற பதிலையும் தள்ளிவிட முடியாது. காப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும்போதே வரியைச் சேர்த்து எடுப்பதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பு.

பேரேட்டில்

இழப்பை எழுதும் முறையில் கருத்து வேறுபாடு குறைவு. எரிந்த 30 லட்சம் தீ இழப்புக் கணக்கில் பற்று, வியாபாரக் கணக்கில் வரவு. வியாபாரக் கணக்கில் வரவு வைக்காவிட்டால் எரிந்த சரக்கு விற்ற சரக்கோடு கலந்து, அவ்வாண்டு மொத்த லாப விகிதம் கெட்டுப்போகும். அடுத்த ஆண்டு அந்த விகிதமே வேறொரு மதிப்பீட்டுக்கு அடிப்படையாகவும் ஆகலாம். இழப்பீடு 22.5 லட்சம் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் பற்று, மிச்சம் 7.5 லட்சமும் திருப்பிக் கட்டிய வரியும் லாப நட்டக் கணக்குக்கு.

தகராறு எழுவது காலத்தில். தீ நவம்பரில், ஆண்டு மார்ச்சில் முடிகிறது, சர்வேயர் அறிக்கை வந்தும் நிறுவனம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இழப்பு நடந்த ஆண்டிலேயே செலவாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. வர வேண்டிய இழப்பீட்டைப் பற்றித் தரநிலைகள் கடுமையாக இருக்கின்றன: வருவது ஏறத்தாழ உறுதி என்ற நிலை வரும்வரை சொத்தாகக் காட்டக் கூடாது. இதனால் ஓராண்டில் பெரிய நட்டமும் அடுத்த ஆண்டில் பெரிய வருமானமும் தோன்றும். ஒரே நிகழ்வின் இரு பாதிகளை இப்படிப் பிரிப்பது உண்மையைத் திரிக்கிறது என்பாரும் உண்டு. ஆனால் சராசரி விதி பொருந்தும் வழக்கில் இழப்பீட்டின் அளவே வகுக்கும் எண் மீதான தகராறில் தொங்கும்போது, ‘உறுதி’ என்று சொல்வதற்கு அடிப்படை குறைவு. நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் பதிவுசெய்து, தகராறிலுள்ள மிச்சத்தைக் குறிப்பில் சொல்வது நடைமுறையில் சரியாக வருகிறது.

திறந்தே இருப்பவை

சராசரி விதியின் நியாயம் பற்றிய பழைய வழக்கு ஓரளவு ஓய்ந்துவிட்டது. பிரீமியம் எல்லோருக்கும் சமமாகப் பொருந்த வேண்டும் என்றால் ஏதோ ஒரு வடிவில் விகிதம் தேவை. கேள்வி அதன் வடிவம் பற்றியது மட்டுமே. தீராமல் நிற்பவை மூன்று. எல்லை தாண்டியதும் முழு விகிதம் பொருந்துவது, எல்லையைவிடத் தளர்வான மதிப்பீட்டை நம்பி நடக்கிறது. மதிப்பீட்டுக்கே ஒரு பிழை வரம்பு வைத்து, எல்லைக்கு அருகில் சந்தேகத்தின் பலனைக் காப்பீடு செய்தவருக்குத் தரலாமா என்பது ஆராயப்பட வேண்டியது. திருப்பிக் கட்டும் வரி, வகுக்கும் எண்ணில் சேருமா என்பதைப் பாலிசி வாசகங்களே தெளிவாகச் சொல்வது நல்லது. மூன்றாவதாக, எண்ணிய இழப்பையும் எழுதிய இருப்பையும் கலந்து வகுப்பது எப்போது ஏற்கத்தக்கது என்பதற்கு உறுதியான விதி தேவை. அந்த விதி வரும்வரை, தீ விபத்து நாளுக்கு முந்தைய சில மாதங்களின் ரகவாரிச் சரக்கெடுப்பைக் கொண்டு, கணக்கேட்டுக்கும் குடோனுக்கும் இடையே எத்தனை விழுக்காடு வேறுபாடு வழக்கமாக இருந்தது என்று காட்ட முடிந்தால், 44 சரியா 40 சரியா என்ற கேள்விக்கு அதைவிட நேரடியான சான்று வேறு இல்லை.